நாளை வந்தவன்: ஹோப், சப்போஸ், இமேஜின் ஆகிய சொற்களுக்குப் பின் வரும் கால வடிவம்

ஆங்கில வினைச்சொல்லின் இறந்தகால வடிவத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு. நடந்து முடிந்த ஒன்றைச் சொல்வது முதல் வேலை. இன்றையதோ நாளையதோ ஆன ஒன்றை, அது நடவாது அல்லது நடப்பது அரிது என்ற எண்ணத்தோடு சற்றே தள்ளிவைத்துப் பேசுவது இரண்டாவது வேலை. 'ஹீ கேம் யெஸ்டர்டே' என்ற தொடரில் 'கேம்' என்பது நேற்று வந்து சேர்ந்தவனைப் பற்றியது; 'சப்போஸ் ஹீ கேம் டுமாரோ' என்ற தொடரில் அதே 'கேம்' இன்னும் வராதவனை, வருவான் என்று பேசுபவர் பெரிதாக எதிர்பார்க்காதவனைப் பற்றியது. டென்மார்க் நாட்டு மொழியியலறிஞர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1924இல் வெளியிட்ட இலக்கணத் தத்துவ நூலில் கால வடிவங்களின் காலம் சாராத பயன்பாடு என்று இதைத் தனியே பிரித்துப் பேசினார். 2002இல் ரோட்னி ஹடில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் முதன்மை ஆசிரியர்களாக இருந்து வெளியிட்ட கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம் இதனைத் தொலைவு என்ற கருத்தைக் கொண்டு விளக்குகிறது: இறந்தகால வடிவம் காட்டுவது ஒரு விலகலை, அது சில இடங்களில் காலத்தில் விலகல், சில இடங்களில் மெய்ம்மையிலிருந்து விலகல். இக்கட்டுரையில், நடக்கலாம் என்று பேசுபவர் திறந்துவைத்திருக்கும் நிலை வாய்ப்புநிலை என்றும், நடப்பிலிருந்து தள்ளிவைக்கும் நிலை புனைநிலை என்றும் குறிக்கப்படுகின்றன.

ஆங்கிலப் பாடநூல்களிலும் தேர்வுத் தாள்களிலும் இவ்வேறுபாடு பெரும்பாலும் கோடிட்ட இடத்தை நிரப்பும் வினாக்களின் வழியாகச் சோதிக்கப்படுகிறது. 'ஹோப்', 'சப்போஸ்', 'இமேஜின்' ஆகிய சொற்களில் ஒன்றைத் தொடரின் தொடக்கத்தில் வைத்து, அதற்குப் பின்னால் வரவேண்டிய வினையை அடைப்புக்குறிக்குள் மூல வடிவில் கொடுத்து, பொருத்தமான காலத்தில் எழுதச் சொல்வது வழக்கம். இவ்வினாக்களுக்கு விடைக்குறிப்பு எழுதுவோர் மூன்று சொற்களையும் ஒரு பட்டியலாகக் கொண்டு, ஹோப் என்றால் நிகழ்காலம், சப்போஸ் என்றால் இரண்டில் ஒன்று, இமேஜின் என்றால் இறந்தகாலம் என்று சொல்லுக்கொரு விதி வகுத்துவிடுவது எளிது. ஆனால் அந்த விதிகள் ஆங்கிலம் உண்மையில் நடந்துகொள்ளும் முறையோடு ஒத்துப்போவதில்லை. கால வடிவத்தின் பொருளை முடிவுசெய்வது சொல் அன்று, அச்சொல் கூற்றாக வருகிறதா ஏவலாக வருகிறதா என்பதே என்று காட்டுவதும், ஏவலாக வரும்போது எந்தக் கோட்டை எந்தப் பக்கத்தில் போட்டால் வினா நேர்மையாக அமையும் என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கூற்று. 'ஐ ஹோப்', 'ஐ சப்போஸ்', 'ஐ இமேஜின்' என்று எழுவாயோடு வரும்போது பேசுபவர் தம் மனநிலையை அறிவிக்கிறார். 'ஐ ஹோப்' என்பது விருப்பம் கலந்த எதிர்பார்ப்பு. 'ஐ சப்போஸ்', 'ஐ இமேஜின்' ஆகிய இரண்டும் இந்நிலையில் கற்பனையே அல்ல, வெறும் ஊகம். 'ஐ இமேஜின் ஹீ இஸ் டயர்ட்' என்று ஒருவர் சொன்னால், களைத்துப்போன ஒருவனைக் கற்பனை செய்கிறேன் என்று பொருளில்லை. அவன் களைத்திருப்பான் என்று நினைக்கிறேன் என்பதே பொருள். இம்மூன்றிலும் பேசுபவர் எதைப் பற்றிப் பேசுகிறாரோ அது அவரளவில் இன்னும் திறந்த கேள்விதான். ஆகவே அவற்றுக்குப் பின் வரும் இறந்தகால வடிவம், தன் முதல் வேலையை மட்டுமே செய்யும்; அதாவது கடந்த காலத்தையே குறிக்கும்.

'ஐ ஹோப் ஹீ கேம் ஹோம் சேஃப்லி லாஸ்ட் நைட்' என்ற தொடர் பிழையற்றது. நேற்றிரவு அவன் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தானா என்பது பேசுபவருக்குத் தெரியாது. சேர்ந்திருக்க வேண்டும் என்று அவர் விரும்புகிறார். நிகழ்ச்சி முடிந்துவிட்டது, செய்திதான் வந்து சேரவில்லை. 'ஹோப் என்றால் நிகழ்காலமோ எதிர்காலமோதான்' என்று மனப்பாடம் செய்த மாணவர் இத்தொடரைப் பிழை என்று திருத்திவிடுவார். அப்படித் திருத்தினால் தவறு அவர்மேல் இல்லை, அவ்விதியை அவருக்குக் கொடுத்தவர்மேல்தான். இதற்கு மாறாக 'ஐ ஹோப் ஹீ கேம் டுமாரோ' என்பது எந்த ஆங்கிலப் பேச்சிலும் நிற்காது. நாளைய வருகைக்கு இறந்தகால வடிவத்தைப் போட்டவுடன் அது புனைநிலையாகிவிடுகிறது. புனைநிலையை ஏற்பது 'விஷ்' என்ற சொல்லின் இயல்பேயன்றி 'ஹோப்' என்பதன் இயல்பன்று. கைவிட்டுவிட்ட ஆசைக்கு 'விஷ்', கைவிடாத ஆசைக்கு 'ஹோப்' என்று ஆங்கிலம் இரண்டு சொற்களை வைத்திருப்பதன் பயன் இதுதான்.

இந்த எல்லையைச் சோதித்துப் பார்க்க ஆங்கிலத்திலேயே ஒரு கருவி இருக்கிறது. இருத்தலைக் குறிக்கும் வினைக்குத் தன்மை, படர்க்கை ஒருமையில் 'வாஸ்' என்பது இயல்பான இறந்தகால வடிவம். ஆனால் புனைநிலையில் மட்டும் அதற்குப் பதிலாக 'வெர்' என்ற வடிவமும் வரலாம். எனவே ஒரு தொடரில் உள்ள 'வாஸ்' என்பதை எடுத்துவிட்டு 'வெர்' என்பதை வைத்துப் பார்த்து, தொடர் நின்றால் அங்கிருப்பது புனைநிலை, நிற்காவிட்டால் அங்கிருப்பது உண்மையான கடந்த காலம் என்று கொள்ளலாம். 'ஐ ஹோப் ஹீ வாஸ் ஹேப்பி தேர்' என்ற தொடரில் 'வெர்' வைக்க முடியாது. 'சப்போஸ் ஹீ வாஸ் ஹியர் நவ்' என்ற தொடரில் வைக்க முடியும். எழுத்து நடையில் அதுவே விரும்பவும் படுகிறது. வேறு வினைகளுக்கு இந்த இரட்டை வடிவம் இல்லையாதலால், ஐயம் வரும் இடத்தில் வினையை மாற்றி இருத்தல் வினையாக்கிப் பார்ப்பது ஆசிரியருக்கு நல்ல பழக்கம்.

'ஹோப்' பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் விடைக்குறிப்புகள் அடிக்கடி இடறக்கூடிய இடம் அது. எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போதும் இச்சொல் நிகழ்கால வடிவத்தைத் தடையின்றி ஏற்கும்: 'ஐ ஹோப் ஹீ கம்ஸ் டுமாரோ', 'ஐ ஹோப் ஹீ வில் கம் டுமாரோ' ஆகிய இரண்டும் சரியே. 'ஐ திங்க்' என்பதற்குப் பின் இந்த உரிமை இல்லை. அங்கே, முன்பே வகுக்கப்பட்ட திட்டத்தைச் சொன்னாலொழிய, 'வில்' வேண்டும். ஆகவே நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவில் 'கம்ஸ்', 'வில் கம்' இரண்டையும் ஒருசேரக் கொடுத்துவிட்டு ஒன்றைத் தவறென்று கழிப்பது அநியாயம். 'ஐ ஹோப்ட் ஹீ வுட் கம்' என்று தலைமை வினையே இறந்தகாலத்துக்குப் போகும்போது வரும் 'வுட்' என்பதும் புனைநிலையின் 'வுட்' அன்று. 'வில்' என்பது நேற்றைய எதிர்பார்ப்பைச் சொல்வதற்காகப் பின்னுக்கு நகர்ந்த வடிவம் அது. அவன் வரவில்லை என்ற குறிப்பு அத்தொடரில் கேட்பவருக்குத் தோன்றலாம். ஆனால் 'வந்தும்விட்டான்' என்று அடுத்த தொடரில் சேர்த்தால் முரண்பாடு எதுவும் எழாது.

இனி ஏவல். எழுவாய் இல்லாமல் 'சப்போஸ்' என்றோ 'இமேஜின்' என்றோ தொடங்கும்போது பேசுபவர் தம் ஊகத்தை அறிவிக்கவில்லை. கேட்பவரை ஒரு நிலைமைக்குள் அழைக்கிறார். தமிழில் 'வைத்துக்கொள்வோம்', 'நினைத்துப் பாருங்கள்' என்பவை செய்யும் வேலை இது. 'ஹோப்' என்பதற்கு இத்தகைய ஏவல் பயன்பாடு கிடையாது, ஏனெனில் ஒருவர் எதிர்பார்ப்பை இன்னொருவர் வாதத்தின் பொருட்டு ஏற்றுக்கொள்ள முடியாது. அழைப்பு என்பதால், அழைக்கும் இடம் பக்கத்தில் இருக்கிறதா, தொலைவில் இருக்கிறதா என்று காட்டும் உரிமை பேசுபவருக்குக் கிடைக்கிறது. 'சப்போஸ் ஹீ கம்ஸ் டுமாரோ' என்றால் அவன் வருவது பக்கத்தில் உள்ள வாய்ப்பு. 'சப்போஸ் ஹீ கேம் டுமாரோ' என்றால் தொலைவிலுள்ள ஒன்று. 'சப்போஸ் ஹீ ஹேட் கம் யெஸ்டர்டே' என்றால் காலத்திலும் மெய்ம்மையிலும் ஒருசேர விலகிப்போனது.

இவ்வடிவங்களைப் படிப்படியாக ஏறும் நிகழ்தகவு அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது. நாளை மழை பெய்ய எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பது வானிலையைப் பொறுத்தது. 'ரெயின்ஸ்' என்று சொல்வதா 'ரெயின்ட்' என்று சொல்வதா என்பது பேசுபவர் அதை எங்கே நிறுத்தி வைக்க விரும்புகிறார் என்பதைப் பொறுத்தது. சபீன் இயாட்ரிடூ 2000இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை இதனை ஒரு விலக்கல் என்று விளக்குகிறது: உண்மையான இறந்தகாலம் பேசும் நேரத்தை விலக்கி வேறொரு நேரத்தைப் பற்றிப் பேசுகிறது, புனைநிலை இறந்தகாலம் நாம் வாழும் உலகை விலக்கி வேறோர் உலகத்தைப் பற்றிப் பேசுகிறது, வடிவம் ஒன்று, விலக்கப்படுவது மட்டும் வேறு. அவ்வாறு விலக்கிப் பேசுவதால் நம் உலகில் அது உண்மையல்ல என்று கேட்பவர் உய்த்துணர்கிறாரே தவிர, தொடரே அதை அடித்துச் சொல்வதில்லை. ஆலன் ஆண்டர்சன் 1951இலேயே காட்டிய எடுத்துக்காட்டு இதற்கு வலுவான சான்று. நோயாளி ஆர்செனிக் நஞ்சை உண்டிருந்தால், இப்போது காட்டுகிற இதே அறிகுறிகளைத்தான் காட்டியிருப்பார் என்று ஒரு மருத்துவர் சொல்லலாம். அப்படிச் சொல்லும் மருத்துவர், நோயாளி நஞ்சு உண்ணவில்லை என்று மறுக்கவில்லை, உண்டிருக்கக்கூடும் என்று வாதாடுகிறார். 'நடக்காதது' என்ற ஒற்றைச் சொல்லால் புனைநிலையை விளக்கும் பாடக்குறிப்புகள் இந்த இடத்தில் உடைந்துவிடும்.

'இமேஜின்' என்ற சொல்லில் இது இன்னும் தெளிவாகிறது. தேர்வுத் தாள்களில் கடிதமும் கட்டுரையும் எழுதச் சொல்லும் வினாக்கள் 'இமேஜின் யூ ஆர் எ ரிப்போர்ட்டர்' என்பது போல நிகழ்கால வடிவத்தோடு தொடங்குவதைப் பலரும் கண்டிருப்பார்கள். எழுதும் மாணவர் செய்தியாளர் அல்லர். ஆகவே நிலைமை முழுக்க முழுக்கப் புனைவு. ஆயினும் வடிவம் நிகழ்காலம், ஏனெனில் வினா எழுதியவர் மாணவரை அவ்வேடத்துக்குள் நிறுத்தி அங்கிருந்தே எழுத வைக்க விரும்புகிறார். 'இமேஜின் யூ வெர் எ ரிப்போர்ட்டர்' என்று எழுதியிருந்தால் மாணவர் தம் இடத்தில் நின்றபடியே அவ்வேடத்தைத் தொலைவிலிருந்து எண்ணிப் பார்க்கிறார். அடுத்து 'வாட் வுட் யூ ரைட்' என்பது போன்ற கேள்விதான் இயல்பாக வரும். வேடத்துக்குள் புகுவதும் வேடத்தை எண்ணிப்பார்ப்பதும் வேறுவேறு. இமேஜின் என்றால் இறந்தகாலம் என்று விடைக்குறிப்பு எழுதும் ஆசிரியர், தம் தாளின் அடுத்த பக்கத்திலேயே அவ்விதி மீறப்பட்டிருப்பதைக் காண நேரிடும்.

ஒரு வினாவை எடுத்துக்கொண்டு இறுதிவரை பார்ப்பது இங்கே பயன்படும். நாளை பேருந்து தாமதமாக வந்தால் தேர்வறைக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்ற சூழலை ஒட்டி, 'சப்போஸ் த பஸ் (கோடு) லேட் டுமாரோ. ஹவ் (கோடு) வீ கெட் தேர்?' என்று இரண்டு கோடுகளோடு ஒரு வினா எழுதப்பட்டிருப்பதாகக் கொள்ளலாம். முதல் கோட்டில் 'கம்ஸ்' அல்லது 'கேம்'; இரண்டாம் கோட்டில் 'வில்' அல்லது 'வுட்'. நான்கு இணைகள் கிடைக்கின்றன. 'கம்ஸ், வில்' என்ற இணை வாய்ப்புநிலை, குறையில்லை. 'கேம், வுட்' என்ற இணை புனைநிலை, அதுவும் குறையில்லை. பாடநூல் விதி இவ்விரண்டோடு நின்றுவிடுகிறது. ஆனால் 'கம்ஸ், வுட்' என்ற மூன்றாம் இணையும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் பேச்சில் இயல்பாக வருவதே. தாமதத்தை முதலில் பக்கத்து வாய்ப்பாக எடுத்துச் சொன்னவர், அடுத்த தொடருக்கு வரும்போது சற்று விலகி நின்று, அப்படியொரு நிலையில் என்ன செய்வோம் என்று கேட்கிறார். 'இஃப்' என்ற சொல்லால் இரண்டு பகுதிகளும் ஒரே தொடராகக் கட்டப்பட்டிருந்தால் இந்த நகர்வு இவ்வளவு எளிதாக இராது. 'சப்போஸ்' என்பதற்குப் பின் ஒரு முற்றுப்புள்ளி விழுந்து, கேள்வி தனித் தொடராக நிற்பதால் இடையில் மூச்சு வாங்க இடம் கிடைத்துவிடுகிறது.

நான்காவது இணையான 'கேம், வில்' மட்டும் நிற்காது. தொலைவில் வைத்த ஒன்றின் விளைவைப் பக்கத்தில் வைத்துப் பேச முடியாது என்பது காரணம். வாய்ப்பிலிருந்து புனைவுக்கு நகரலாம், புனைவிலிருந்து வாய்ப்புக்குத் திரும்ப முடியாது என்று சுருக்கிச் சொல்லலாம். ஆங்கிலத்தின் இப்பகுதியில் உண்மையில் உறுதியான விதி என்று சொல்லத்தக்கது இந்த ஒருவழிப் பாதைதான். முதல் பகுதியில் உள்ளது உண்மையான கடந்த காலமாக இருந்தால் மட்டும் இத்தடை எழாது: 'சப்போஸ் ஹீ லெஃப்ட் யெஸ்டர்டே' என்று தொடங்கி, அப்படியானால் இன்று மாலைக்குள் வந்துவிடுவான் என்று 'வில்' வைத்து முடிக்கலாம், ஏனெனில் அங்கே 'லெஃப்ட்' நேற்றைத்தான் குறிக்கிறது, தொலைவைக் குறிக்கவில்லை. முன்பு சொன்ன 'வெர்' சோதனையை இங்கும் செய்து பார்க்கலாம்.

இப்போது விடைத்தாள் திருத்தத்துக்கு வந்தால் சிக்கல் கண்ணுக்குத் தெரியும். இரண்டு கோடுகளுக்கும் தனித்தனியே அரை மதிப்பெண் என்று வைத்து, முதல் கோட்டுக்கு 'கம்ஸ்' அல்லது 'கேம்', இரண்டாம் கோட்டுக்கு 'வில்' அல்லது 'வுட்' என்று விடைக்குறிப்பு தாராளமாக அமைந்தால், 'கேம், வில்' என்று எழுதிய மாணவருக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும். தவறான ஒரே இணைக்கு அது. விடைக்குறிப்பு கண்டிப்பாக அமைந்து 'கேம், வுட்' மட்டுமே சரி என்றால், 'கம்ஸ், வில்' என்று குற்றமற்ற ஆங்கிலம் எழுதியவர் மதிப்பெண்ணை இழப்பார். இரண்டும் வினாவின் குறை. மாணவரின் அறிவைப் பற்றி இரண்டுமே ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கோடுகளையும் ஓர் இணையாகக் கொண்டு மதிப்பிடுவது ஒரு தீர்வு. அதைவிட நல்ல தீர்வு, கோட்டை ஒன்றாகக் குறைத்து, அதை இரண்டாம் பகுதியில் மட்டும் போடுவது. 'சப்போஸ் த பஸ் கேம் லேட் டுமாரோ. ஹவ் (கோடு) வீ கெட் தேர்?' என்று முதல் பகுதியை இறந்தகால வடிவத்தில் முழுதாகக் கொடுத்துவிட்டால், 'கேம்', 'டுமாரோ' ஆகிய இரண்டு சொற்களின் உராய்விலிருந்து இது புனைநிலை என்று மாணவர் உணர்ந்தாக வேண்டும். 'வில்' விழுந்துவிடும், 'வுட்' நிற்கும். நாளை என்ற சொல்லோடு இறந்தகால வடிவம் வந்தால் அங்கே காலம் பேசப்படவில்லை என்பதைக் கண்டுகொண்டாரா என்று இவ்வினா நேராகச் சோதிக்கிறது. கோட்டை முதல் பகுதியில் போட்டு, இரண்டாம் பகுதியில் 'வுட்' என்று கொடுத்தால், ஒருவழிப் பாதையின் காரணமாகவே 'கம்ஸ்', 'கேம்' இரண்டும் உள்ளே நுழைந்துவிடும். முதல் பகுதியில்தான் கோடு வேண்டுமென்றால், நிலைமை நடவாதது என்று உலக அறிவே சொல்லிவிடும்படி உள்ளடக்கத்தை அமைக்க வேண்டும்; 1948இல் மறைந்த காந்தி இன்று உயிரோடிருப்பதைப் பற்றி 'சப்போஸ்' என்று தொடங்கும் தொடரில் 'வெர்' அல்லது 'வாஸ்' என்பதே பொருந்தும். அங்கே 'இஸ்' என்று எழுதினால், அவர் உயிரோடிருக்கிறாரா இல்லையா என்பது பேசுபவருக்குத் திறந்த கேள்வி என்றாகிவிடும்.

தமிழ் வழியாக ஆங்கிலம் கற்போருக்கு இப்பகுதி ஏன் தனித்த தொல்லையாக இருக்கிறது என்பதற்கு இரு மொழிகளின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. 'நாளைக்கு பஸ் லேட்டா வந்துச்சுன்னு வச்சுக்க, என்ன செய்வே?' என்று தமிழில் கேட்பது அன்றாடப் பேச்சு. இதில் 'வந்துச்சு' இறந்தகாலம், 'செய்வே' எதிர்காலம். ஒவ்வொரு சொல்லையும் அதற்குரிய ஆங்கில வடிவத்தால் மாற்றி வைத்தால் கிடைப்பது 'கேம்', 'வில்' என்ற இணை; அதாவது நான்கு இணைகளில் ஆங்கிலம் ஏற்காத அந்த ஒன்று. மாணவர் கவனமின்றி எழுதியதால் இது வரவில்லை. தம் மொழியில் பிழையில்லாத ஒரு தொடரை உண்மையாகப் பின்பற்றியதால் வருகிறது.

பேசுபவரின் நோக்கமும் இரு மொழிகளிலும் எதிரெதிர்த் திசையில் போகிறது. 'வந்துச்சுன்னு வச்சுக்க' என்று தமிழர் சொல்லும்போது பேருந்தின் தாமதத்தை அவர் தள்ளிவைக்கவில்லை. நடந்தே முடிந்துவிட்டதாக அருகில் கொண்டுவந்து நிறுத்துகிறார். இதற்குத் தமிழ் இலக்கண மரபில் நெடுங்காலமாகவே இடமுண்டு. வராத காலத்துச் செயலை விரைவின் பொருட்டு இறந்தகாலத்தில் சொல்வதைத் தொல்காப்பிய வினையியல் ஏற்கிறது. விரைவோடு மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றையும் காரணங்களாகக் கூறி, ஒரு காலம் இன்னொரு காலமாக மாறி வருவதை நன்னூல் வழுவமைதியாக, அதாவது பிழைபோலத் தோன்றினும் ஏற்கத்தக்கதாகக் கொள்கிறது. உண்டு முடிக்காதவனை உடன் செல்லவிருப்பவன் அவசரப்படுத்தும்போது 'உண்டேன், வந்தேன்' என்று அவன் சொல்வது இதற்கு வழிவழியாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. அங்கே இறந்தகாலம் உறுதியின் அடையாளம், நெருக்கத்தின் அடையாளம். ஆங்கிலத்தின் 'சப்போஸ் ஹீ கேம்' என்பதில் அதே வடிவம் ஐயத்தின் அடையாளம், விலகலின் அடையாளம். 'இறந்தகாலம் எதிர்காலத்துக்கும் வரும்' என்று மட்டும் கற்பிக்கப்பட்ட தமிழ் மாணவர், தமக்குத் தெரிந்த நெருக்கத்தையே ஆங்கிலத்திலும் காண்பது இயல்பு. திசை மாறுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அவ்விளக்கம் அரைகுறையாகவே நிற்கும்.

'வந்தால்' என்னும் நிபந்தனை எச்சமும் இதில் கைகொடுப்பதில்லை. 'அவன் நாளை வந்தால் சொல்வேன்' என்ற ஒரே தமிழ்த் தொடர் வாய்ப்புநிலைக்கும் புனைநிலைக்கும் பொதுவானது. ஐயத்தைக் காட்ட வேண்டுமானால் 'ஒருவேளை', 'அப்படியே வந்தாலும்' போன்ற சொற்களைச் சேர்ப்பதன்றி வினை வடிவத்தை மாற்றுவதில்லை. 'வந்திருந்தால் சொல்லியிருப்பேன்' என்று கடந்த காலப் புனைநிலைக்கு மட்டும் தமிழ் தனி வடிவம் வைத்திருக்கிறது, அதுவும் எப்போதும் புனைநிலை அன்று. 'நேற்று வந்திருந்தால் கடிதத்தைப் பார்த்திருப்பான்' என்பது, வந்தானா என்று தெரியாத நிலையிலும் சொல்லத்தக்கது. ஆகத் தமிழ் இரண்டாகப் பகுத்ததை ஆங்கிலம் மூன்றாகப் பகுக்கிறது. நடுவில் உள்ள, இன்றும் நாளையும் சார்ந்த புனைநிலைக்கு மாணவர் தம் மொழியிலிருந்து கொண்டுபோக ஒரு வடிவமும் இல்லை. 'ஹேட் கம்' என்ற மூன்றாம் வடிவம் 'வந்திருந்தால்' என்பதோடு ஏறக்குறைய இணையாக நிற்பதால், பார்ப்பதற்கு அதிகச் சிக்கலாக இருந்தும் கற்பதற்கு அது எளிதாக அமைவதில் வியப்பில்லை.

'நம்புகிறேன்' என்ற சொல்லும் ஒரு குழப்பத்தைக் கூட்டுகிறது. உண்மையென்று கொள்வதற்கும், நடக்க வேண்டுமென்று விரும்பி எதிர்பார்ப்பதற்கும் எழுத்துத் தமிழில் இந்த ஒரே சொல் பயன்படுகிறது. ஆங்கிலத்தில் முன்னது 'பிலீவ்', பின்னது 'ஹோப்'. அதனால் 'ஐ ஹோப்' என்பதை வெறும் கருத்துரைக்கும் தொடராகக் கொண்டு, நடந்ததென்று தமக்கே தெரிந்த செய்தியின் முன்னால் வைக்கும் பழக்கம் ஏற்படுகிறது. விடை தெரிந்துவிட்ட இடத்தில் 'ஹோப்' நிற்காது. கேள்வி திறந்திருக்க வேண்டும் என்பதே அச்சொல்லின் முதல் நிபந்தனை.

வாய்ப்பு, புனைவு என்ற இரண்டு பெயர்களுக்குள்ளும் அடங்காத ஒரு பயன்பாடும் உண்டு. 'சப்போஸ் வீ மெட் டுமாரோ?' என்று ஒருவர் கேட்டால், நாளைய சந்திப்பு நடவாதது என்று அவர் கருதவில்லை, சந்திக்கவே விரும்புகிறார். மறுப்பதற்குக் கேட்பவருக்கு இடம் வைக்கும் பொருட்டு, தம் யோசனையை ஓர் அடி பின்னே தள்ளிவைத்துக் கேட்கிறார். 'மீட்' என்று நிகழ்கால வடிவில் கேட்டிருந்தாலும் யோசனை அதுவே, அழுத்தம் மட்டும் சற்று கூடியிருக்கும். தொலைவு என்ற ஒரே கருத்து இங்கே பணிவாகிறது. இத்தகைய தொடரைக் கோடிட்ட வினாவாக்கி 'மெட்' என்பதை மட்டும் சரியென்று குறிக்கும் விடைக்குறிப்பு, இலக்கணத்தைச் சோதிப்பதாக எண்ணிக்கொண்டு, யார் யாரிடம் எவ்வளவு தயக்கத்தோடு பேசுகிறார் என்ற, வினாவில் எங்குமே கொடுக்கப்படாத செய்தியைச் சோதிக்கிறது. அச்செய்தியை வினாவுக்குள் கொண்டுவர முடியாதபோது 'மீட்', 'மெட்' இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு என்று குறிப்பில் எழுதிவிட வேண்டும்.